நசுங்கிய டிபன் பாக்ஸ்

பதினொன்றாம் வகுப்பில், மாமல்லபுரம் பஸ்ஸிலிருந்து விழுந்த என் எவர்சில்வர் டிபன் பாக்ஸை ஷேர் ஆட்டோ ஒன்று ஏறித் தகடாக்கிவிட்டது. என் தோழியிடமும் அதே பாக்ஸ் உண்டு, சேர்ந்து வாங்கியவை. அவள் மீனவர் வீட்டுப் பெண்.

"எங்க படகு ஃபைபர், லேசா கீது, மெதக்குது. இரும்புக் கப்பல் எப்படிடி?" என்றாள், என் தகட்டைத் தட்டிப் பார்த்தபடி.

பள்ளிக்கூட வாளியை விளிம்புவரை நிரப்பினோம். என் தகடு தொபுக்கென்று மூழ்கியது. அவள் பாக்ஸோ ஜம்மென்று மிதந்தது. எடை ஒன்றுதானே!

அப்போதுதான் உறைத்தது. விலக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசைதான் மேலே தள்ளும். தகடு விலக்கியது கொஞ்சம். அந்தத் தண்ணீர் தகட்டைவிட லேசு. குழிவான பாக்ஸ், தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும்வரை அமிழ்ந்து நின்றது. கப்பலும் அப்படித்தான்! பாக்ஸுக்குள் கூழாங்கல் போடப்போட அது இன்னும் அமிழ்ந்தது, தண்ணீர் எங்கள் காலில் வழிந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வீட்டில் அம்மா தகட்டைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாடி இது?"

"இப்ப இது கம்மியா தண்ணி விலக்கும்மா."

"அப்டியா? நாளைக்குத் தயிர்சோத்த அந்தத் தண்ணியிலயே போட்டு எடுத்துனு போ."