பெடல் இல்லாத சைக்கிள்

என் கணவருக்குச் சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகுதான், எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது எனக்கே உறைத்தது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை அவருடைய மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிட்டேன். கல்யாணமான புதிதில் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டதற்கு, "உனக்கெதுக்கு? நான்தான் இருக்கேன்ல" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மொபெட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றாயிற்று. நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியோ பக்கத்து ஊரில். அவருக்குப் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டு நடந்தால், நான் போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும். கும்பகோணத்திலிருந்து வரும் டவுன் பஸ் அதைவிடத் தாமதம்.

"உங்க நெலம புரியுதும்மா. மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல வேற ஆள்தான் போடணும்" என்றார் மேற்பார்வையாளர். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே சம்பளம் அது. அன்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்து வீட்டு அக்கா, தன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளைத் தந்தார். அவரே சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று வழியெல்லாம் சொன்னார். அப்படிச் சொல்லி யாருக்காவது பயம் போயிருக்கிறதா? அவர் கையை எடுத்த மறுகணம் நான் தரையில். மூன்றாம் நாள் முழங்கைத் தோல் உரிந்து வீட்டுக்கு வந்து, "என்னால முடியாதுங்க, வேலைய விட்டுடறேன்" என்று என் கணவரிடம் கத்தினேன்.

இவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்தார்.

"பெடலக் கழட்டு."

"என்னது?"

"ரெண்டையும் கழட்டு. சீட்ட எறக்கு. ரெண்டு பாதமும் முழுசாத் தரையில படணும்."

இடது பெடலின் மரை மட்டும் தலைகீழாம். வலப்பக்கம் சுற்றினால்தான் கழலுமாம். தெரியாமல் நான் இறுக்கிக்கொண்டே போக, எழுந்து வந்து காட்ட முடியாத ஆத்திரத்தில் தானே தரையில் இறங்கித் தவழ்ந்து வந்து, ஸ்பேனரைப் பிடுங்கிக் கழற்றினார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பெடல் இல்லாத சைக்கிளில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திப் போனேன். தெருவே சிரித்தது. சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறியதற்குத் தனிச் சிரிப்பு. சிரிக்கிறவர்களா வந்து உலை வைக்கப் போகிறார்கள்? ஆற்றுக்கரையிலிருந்து இறங்கும் லேசான சரிவில் ஒருநாள் உந்திவிட்டுக் கால்களைத் தூக்கினேன். சைக்கிள் தானே ஓடியது. விழப்போகிற பக்கமே ஹேண்டிலை லேசாகத் திருப்பினால் நிமிர்ந்துகொள்கிறது. நான் அதுவரை எதிர்ப்பக்கம் இழுத்துத்தான் விழுந்திருக்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் தரை பக்கத்திலேயே இருந்தது, கால் எட்டியது. என் வயதில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல முடிவதும் அதுதான்: பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள், கால் தரைக்கு எட்டும்படி சீட்டை இறக்கிக்கொள்ளுங்கள்.

பெடலை மாட்டிய பிறகு வேறொரு வில்லங்கம். அறுவடை முடிந்து பாதி சாலையில் நெல் காய்ந்தது. நெல்லின் மேல் வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். கல்லில் இடிக்கக் கூடாது என்று கல்லையே பார்த்தேன். நேராகக் கல்லில் போய் இடித்து நெல்லில் விழுந்தேன். நெல்லுக்காரர் போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டதாம்.

"கல்லப் பாக்காத. கண்ணு எங்கயோ வண்டி அங்கதான். ரோடு முடியற எடத்தப் பாரு" என்றார் இவர்.

மாசக் கடைசிக்கு முந்தைய திங்கட்கிழமை, அங்கன்வாடிக்குச் சைக்கிளிலேயே கிளம்பினேன். நெல் காயும் இடத்தில் பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ரோடு முடியும் இடத்துப் புளியமரத்தையே பார்த்து மிதித்தேன். கடந்துவிட்டேன். அங்கன்வாடியை நான் திறந்த பிறகுதான் முதல் பிள்ளை வந்தது.

சாயங்காலம் வந்ததும் இவரிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு சைக்கிளின் கேரியரைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"இதுல ஒரு ஆள் உக்காந்தா தாங்குமா?"

"யாருங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆத்துக்கர வரைக்கும்தான். தண்ணியப் பாத்து ரொம்ப நாளாச்சு."

பின்னால் ஆளை வைத்து ஓட்டும் அளவுக்கு எனக்கு இன்னும் வரவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.