பேர் போட்டாச்சா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பெயர் காணாமல் போனது. ஒரு பழைய டி.வி. சீரியலின் பெயர்.

காலையில் ஏதோ ஒரு விளம்பரத்தில் வயதான நடிகை ஒருவர் வந்தார். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்தார். "இவ அந்த சீரியல்ல மூத்த மருமகளாட்டு வந்தாளே... அதுக்குப் பேரு என்னது?"

எனக்குத் தெரியவில்லை. அது ஓடிய காலத்தில் நான் ஹாஸ்டலில் இருந்தேன். "விடும்மா, பேருல என்ன இருக்கு?" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. போன மாதம் நாகர்கோவிலில் டாக்டர் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். அம்மாவால் இரண்டைத்தான் சொல்ல முடிந்தது. இந்த வயதில் இது சகஜம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒவ்வொரு மறதியும் ஒரு பரீட்சை. கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

என் மகள் நிவேதா பத்தாம் வகுப்பு. அவள் போனில் தேடினாள். கிண்ணம் விற்கும் கடைகள்தான் வந்தன.

ஏன் கிண்ணம்? அம்மாவுக்குப் பாதிப் பெயர் தெரிந்திருந்தது. "ரெண்டு வார்த்த. கடைசியில கிண்ணம்னு முடியும். சந்தனக் கிண்ணம்... இல்ல, சந்தனம் இல்ல. அதுமாதி மணமுள்ள ஒண்ணாக்கும். சந்தனக்..."

"ஆச்சி, அந்தப் பேரையே சொல்லாதீங்க" என்றாள் நிவேதா. "எனக்கும் பரீட்சையில இப்படித்தான். தப்பான விடை முன்னால வந்து நின்னுக்கிடும். அதைத் திரும்பத் திரும்ப நெனச்சா சரியானது வரவே வராது."

"பின்ன என்ன செய்யணும்?"

"பேரை விடுங்க. அதை எங்க இருந்து பாத்தீங்க?"

அம்மா யோசித்தார். "நான் எங்க இருந்து பாத்தேன்... நின்னுல்லா பாத்தேன்."

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் திருவனந்தபுரம்தான் தெளிவாகத் தெரியும். தமிழ் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போய், மேற்கே பார்த்திருக்கும் ஆன்டெனாவை வடக்கே கொடைக்கானல் பக்கம் திருப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது, இப்போது இல்லாத என் அப்பாவின் வேலை. அம்மா கொல்லையில் ஜன்னலோரம் நிற்பார். ஜன்னல் வழியாக டி.வி.யைப் பார்த்து, 'புள்ளியாட்டு இருக்கு', 'இன்னும் கொஞ்சம்' என்று மேலே சத்தம் கொடுப்பார்.

"பாட்டா மேலே இருந்து என்ன கேப்பாரு?" என்று தாத்தாவைப் பற்றிக் கேட்டாள் நிவேதா.

"தெரியுதா, பேரு போட்டாச்சான்னு கேப்பாரு."

நிவேதா எழுந்தாள். "ஆச்சி, கொல்லைக்கு வாங்க. அதே ஜன்னல்கிட்ட நில்லுங்க."

எனக்கு இது பிடிக்கவில்லை. இதிலும் வராமல் போனால்? அம்மா இன்னும் உடைந்துபோவாரே... அதற்குள் நிவேதா மாடியேறிவிட்டாள். இப்போது அங்கே ஆன்டெனா இல்லை. துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "தெரியுதா?"

அம்மா ஜன்னலுக்குள் பார்த்தார். "இல்ல. புள்ளியாட்டு இருக்கு."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்... ஆங், நிறுத்துங்க."

"பேரு போட்டாச்சா?"

அம்மா யோசிக்கவே இல்லை. தலையை அண்ணாந்து, நான் பல வருடங்களாகக் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார். "பன்னீர்க் கிண்ணம் போட்டாச்சு. இறங்கி வாருங்க."

அம்மா பேத்தியை 'வாருங்க' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவார். அருகில் போய்த் தோளைத் தொட்டேன். "அம்மா, மேலே நிக்கது யாருன்னு தெரியுதுல்லா?"

"ஏட்டி, என் பேத்திய எனக்குத் தெரியாதா? வாய்க்கு அதுதான் பழக்கம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சிரித்தார்.

மறதி என்று நாம் சொல்வதில் பாதி, சரியான இடத்தில் போய்த் தேடாததுதானோ? அம்மா அந்தப் பெயரைப் படித்து மனதில் வைக்கவில்லை. வாரா வாரம் மேலே பார்த்துச் சொல்லி வைத்திருக்கிறார். சோபாவில் உட்கார்ந்து தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பெயர் வந்ததும் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. மூத்த மருமகள், அவளுடைய நகைப்பெட்டி, சண்டை போட்ட கொழுந்தன்... வெண்டைக்காய் பாதியில் கிடக்க, அரைமணி நேரம் கதை ஓடியது.

"கடைசியில என்ன ஆச்சு ஆச்சி?"

"கடைசி வாரம் கரண்டு இல்ல மக்ளே. நான் அழுதுட்டு இருந்தேன். மறுநாள் உங்க பாட்டா ஆபீஸ்ல யாருட்டயோ கேட்டுட்டு வந்து முடிவச் சொன்னாரு. எல்லாரும் ஒண்ணு சேர்ந்துட்டாங்களாம்."

அந்த நாளில் அப்பாவின் ஆபீஸில் வேறு யார் வீட்டிலும் டி.வி. கிடையாது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.