தமனிக் குழாய் சொன்ன சர்க்கரை

கோட்டயத்தில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் பிளெஸ்ஸி. வாய் கொஞ்சம் துடுக்கு. கை அதைவிட வேகம்.

நிமோனியாவோடு வந்து, மயக்க மருந்தில், சுவாசக் கருவியோடு கிடந்தான் படகோட்டி தாசப்பன். அவன் மணிக்கட்டுத் தமனியில் ஒரு குழாய். அதிலிருந்து ரத்தம் எடுத்து, வார்டு மூலையிலிருந்த கருவியில் வைத்தால், ஆக்சிஜனோடு சர்க்கரை அளவும் வந்துவிடும். அன்று சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. பிளெஸ்ஸியும் இன்சுலினை ஏற்றிக்கொண்டே போனாள்.

மத்தியானம் ஆய்வகத்திலிருந்து ஷைலஜா போன் செய்தாள்.

"சேச்சி, உங்க தாசப்பனுக்குச் சர்க்கரை முப்பத்தெட்டுதான் வருது!"

"இங்க இருநூத்தி எழுபது காட்டுது, மோளே. ரத்தத்தை வச்சிக்கிட்டே இருந்தா அணுக்கள் சர்க்கரையைத் தின்னுடும்னு உனக்குத் தெரியாதா?"

"தின்னாலும் இவ்வளவா தின்னும்? வந்த கையோட போட்டேன். எங்க ஆளு வந்து கையில குத்தி எடுத்த ரத்தம், சேச்சி."

பிளெஸ்ஸி மறுபடி எடுத்துப் பார்த்தாள், அதே குழாயிலிருந்து. இருநூற்று எண்பது. டாக்டர் அன்வரும் எட்டிப் பார்த்து, "மெஷின காலையிலதான சரிபார்த்தாங்க" என்றார். இன்சுலின் இன்னும் கூடியது.

சாயங்காலம் தாசப்பனின் வாயோரம் துடிக்க ஆரம்பித்தது. பெரிய டாக்டர் எல்தோ ஓடிவந்தார்.

"குழாயைத் தொடாத. இன்னொரு கையில குத்தி எடு."

அதே கருவிதான். இருபத்திரண்டு என்றது.

இன்சுலினை நிறுத்தி, குளுக்கோஸை நரம்பில் ஏற்றினார்கள். எல்தோ, குழாய் அடைக்காமலிருக்கத் தொங்கவிட்ட பையின் அழுத்த உறையைக் கழற்றினார். உப்புநீர் இருக்க வேண்டிய இடத்தில் குளுக்கோஸ் நீர். உறை லேபிளை மூடியிருந்தது. குழாயில் தங்கியதில் சில துளி ரத்தத்தில் கலந்தாலே போதும். கருவி அதைத்தான் அளந்திருக்கிறது.

பையை மாட்டியது யார்? காலையில் ஷிப்ட் மாறும் நேரம், இரண்டு மூன்று பேர் கை பட்டது. யாருக்கும் நினைவில்லை. தன் கை இல்லை என்று பிளெஸ்ஸியாலும் சொல்ல முடியவில்லை.

நடந்ததை எல்தோ தாசப்பனின் மனைவி ரமணியிடம் மறைக்காமல் சொன்னார். ரமணி அழவில்லை. பிளெஸ்ஸியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு போன்ல சொன்னப்போ, சிஸ்டர், உனக்குக் கொஞ்சங்கூட சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு, சேச்சி. அதான் திரும்ப எடுத்தேன். எடுத்த இடத்தை மட்டும் மாத்தல."

தாசப்பன் பிழைத்தான். கண் திறந்தான். சர்க்கரையின்றிக் கிடந்த மூளையில் பேச்சும் ஆள் அடையாளமும் திரும்பவில்லை.

பிளெஸ்ஸி வேலையை விடவில்லை. இரண்டு அளவுகள் முரண்பட்டால் இப்போது வேறு கையில் குத்துகிறாள். கனவில் உறைகளைக் கழற்றுகிறாள். ஒவ்வொன்றுக்குள்ளும் லேபிள் இல்லாத பை. லீவு நாட்களில் படகேறி ரமணி வீட்டுக்குப் போவாள். ரமணி வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் தாசப்பன் மட்டும், வருகிற எல்லோரையும் போலவே அவளையும் பார்த்துச் சிரிப்பான்.