ஆசிரியர்கள் உட்பட

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆண்டின் நடுவிலேயே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பேச்சு திக்கும். மற்ற பிள்ளைகள் அவளை ‘ரிப்பீட்டு’ என்று கூப்பிடுவார்கள். வகுப்பாசிரியையான என்னிடம் அவள் வந்து சொல்லவும் செய்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள், கண்டுகொள்ளாதே என்று அனுப்பிவிட்டேன்.

அவள் போன பிறகுதான், துன்புறுத்தலைத் தடுக்க எழுத்துபூர்வமான விதிகள் வேண்டுமென்று தலைமையாசிரியை என்னையும் உடற்கல்வி ஆசிரியரையும் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுதும் வேலை எனக்கு.

எது துன்புறுத்தல் என்பதை முதலில் எழுதினேன். எதிர்த்து நிற்க முடியாத ஒருவரை, சொல்லாலோ கையாலோ செல்போன் வழியாகவோ, கூட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கியோ, மாணவர்கள் திரும்பத் திரும்ப நோகடிப்பது. சமமான இருவர் ஒருநாள் போடும் சண்டை இதில் வராது. அதைத் தனியாக விசாரிக்கலாம்.

உடற்கல்வி ஆசிரியர் வாசித்துவிட்டுக் கேட்டார்: “மாணவர்கள்னு மட்டும் போட்டிருக்கீங்க டீச்சர். நாம செஞ்சா அதுக்குப் பேரு என்ன?”

ஆசிரியர்களைச் சேர்த்தால் நாளைக்கு யாரும் பிள்ளைகளைக் கண்டிக்க முடியாது என்று தலைமையாசிரியை தயங்கினார். வருகைப் பதிவு எடுக்கும்போது நானும் சில நாள் “ரிப்பீட்டு வந்தாச்சா?” என்று கேட்டிருக்கிறேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதை இருவரிடமும் சொன்னேன். பிறகு தலைமையாசிரியை, “சேத்து எழுதுங்க” என்றார்.

அடுத்து, புகாருக்கான விதிகளை எழுதினேன். பள்ளியில் தனக்கு நம்பிக்கையான எந்தப் பெரியவரிடமும் பிள்ளை சொல்லலாம். கேட்டவர் அதை அன்றைக்கே புகாராக எழுதிக் கொடுக்க வேண்டும். இரு தரப்பையும் தனித்தனியே கேட்க வேண்டும், எதிரெதிரே நிறுத்தக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லும்வரை முடிவு கூடாது. மாணவர், ஆசிரியர் மீதான புகார் தலைமையாசிரியைக்கு, அவர் மீதானது தாளாளருக்கு. ஆசிரியர்களும் ஊழியர்களும் தங்களுக்கு நடந்ததை இதே வழியில் சொல்லலாம். பாலியல் சம்பந்தப்பட்டதென்றால் பள்ளிக்குள் விசாரிக்காமல் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்தும், பருவ முடிவிலும், புகார் சொன்ன பிள்ளையிடம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

விதிகள் நடைமுறைக்கு வந்தன. பள்ளியை விட்டுப் போன அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். அவர் வரச் சொன்னார். ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். மடவார் வளாகம் கோயில் பக்கம் அவர்கள் வீடு. அம்மா உள்ளே போய் மகளிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“அவ பாக்க வேண்டாம்ங்கா டீச்சர். நானும் கட்டாயப்படுத்தல.”

பரவாயில்லை என்றேன். அவர் காபி கொண்டுவந்து வைத்தார்.

“புதுப் பள்ளிக்கூடத்துல வாயே தொறக்க மாட்டேங்கா. அவ ஒங்ககிட்ட வந்து சொன்னப்ப என்ன நெனச்சிய டீச்சர்?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்கு ஒன்றுமே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.