மொட்டைத் தலையும் பங்குச் சந்தையும்

முதலீட்டு நிதிக் கம்பெனிகளுக்குத் தமிழில் துண்டறிக்கை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. 'சந்தை அபாயத்துக்கு உட்பட்டது' என்கிற அந்த வரியில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது, சட்டம். அதற்குக் கீழே நாலு வரி விளக்கம் என் பொறுப்பு. நஷ்டம் வரலாம் என்பது ஜனங்களுக்குப் புரிய வேண்டும், ஆனால் அலறி ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு அனுப்பும் முன், நாலு பேரிடம் படிக்கக் கொடுத்துப் பார்க்கலாம் என்று திருத்தணியில் இந்த நிதித் திட்டங்களை விற்கும் ஒரு முகவரின் கடைக்குப் போனேன். என் முதல் வரைவில் 'போட்ட பணம் பாதியாகக்கூடக் குறையலாம்' என்று இருந்தது. முகவர் முகம் சுளித்தார். இதைப் படித்தால் என் கடைப் படி யார் ஏறுவார்கள் என்றார்.

வெளியே மலையிலிருந்து சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சட்டென்று தோன்றிவிட்டது. 'சந்தை இறங்கினால் பணம் குறையும். பதற வேண்டாம். மொட்டை போட்ட தலையில் முடி வளர்வதுபோல, பொறுத்திருந்தால் திரும்ப வளரும்' என்று எழுதினேன். முகவர் கை கொடுத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

விசைத்தறி வைத்திருக்கிற வீட்டு அம்மா ஒருத்தர் வந்தார். அவருக்கு முகவர் முழுக்க முழுக்கப் பங்குகளில் போடும் திட்டம் ஒன்றைச் சொல்லியிருந்தார். அந்த அம்மா என் வரிகளை நிதானமாக இரண்டு தரம் படித்தார். முகம் தெளிந்தது. என்ன புரிந்தது என்று கேட்டேன்.

"கொறஞ்சாலும் வளந்துடும்னு போட்டுகீது. அடுத்த வருசம் பொண்ணுக்கு நர்சிங் பீஸு கட்டணும் சார். அதுக்குள்ள வளந்துடும்ல? முடி ஆறு மாசத்துல வந்துடுதே."

அடப்பாவி, என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். முடி நிச்சயம் வளரும். சந்தைக்கு யார் அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்?

அந்தத் தாளை வாங்கி, பின்பக்கத்தில் வேறு வரிகள் எழுதினேன். 'நீங்கள் போடும் ஒரு லட்சம், ஒரே வருடத்தில் அறுபதாயிரமாகவும் ஆகலாம். பிறகு ஏறலாம். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, ஏறாமலும் போகலாம். சில வருடங்களுக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள்.'

அவர் படித்தார். பயந்ததாகத் தெரியவில்லை. பீஸ் பணம் பேங்க் டெபாசிட்டிலேயே இருக்கட்டும், தறியில் மிச்சமாவதை வேண்டுமானால் மாசாமாசம் கொஞ்சம் இதில் போடலாம் என்று அவரே முடிவு செய்தார்.

கிளம்பும்போது என்னிடம் திரும்பினார்.

"நாந்தான் மொதல்ல தப்பா படிச்சிட்டேன் சார். படிப்பு கம்மி. தப்பா எடுத்துக்காதீங்க."

இல்லையம்மா, எழுதினவன் மேல்தான் தப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். முகவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை என்று தலையாட்டி அனுப்பினேன்.