கொதிக்கும்போதே ஒரு அகப்பை

ஹாஜா முகைதீனுக்குக் கோபம் மூக்குக்கு மேல். வேதாளையில் நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசல் கஞ்சி அவர் கைப்பக்குவம்தான். நோய் கண்டவர்களுக்கு அந்தக் கஞ்சி மருந்து என்பது ஊரின் நம்பிக்கை. அதனால், ரத்தப் புற்றுநோய்க்கு மதுரையில் தன் தங்கை மர்வாவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றிக்கொண்டு ரிஃபாய் வீடு திரும்பியிருக்கிறான் என்றதும் அவரே தூக்குவாளியோடு போனார். ரிஃபாயின் மனைவி காலிதா முகக்கவசத்தோடு வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"மாமா, கோவிச்சுக்காதீக. இதை அவுகளுக்குக் குடுக்க ஏலாது."

"பள்ளிவாசல் கஞ்சியை வேணாங்குறியாம்மா?"

"கஞ்சியில ஒண்ணும் கொறையில்ல. சாயங்காலம் அசர் தொழுகையிலேருந்து வாளியில ஆறிக்கிட்டே கெடக்கு. பத்து கை பொழங்குது, மேல பச்சைப் புதினா வேற தூவுறீக. நமக்கு ஒண்ணும் செய்யாது. அவுக ஒடம்புல இப்ப எதிர்ப்பு சக்தியே இல்ல மாமா. லேசா வயித்தால போனாலே உசுருக்கு வந்துரும்."

சண்டைக்கு வாயெடுத்தவர், உள்ளே பார்வை போனதும் நின்றார். கொதித்து ஆறிய தண்ணீர் மூடிய பானையில் இருந்தது. மீன் நறுக்க ஒரு பலகை, காய்க்கு வேறு பலகை. பழைய சோறும் தயிரும் இல்லாமல் பொழுது விடியாத வீடு அது. இப்போது வேளைக்கு வேளை புதிதாக உலை வைத்து, மிஞ்சியதை அவனுக்குத் திரும்பக் கொடுக்காமல் இவள் ஒருத்தி காவல் நிற்கிறாள். அண்டா அண்டாவாகக் கிண்டிய மனுஷனுக்கு அந்தச் சின்ன அடுப்படி மலைப்பாக இருந்தது. இப்படியும் ஒருத்தனை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்று நினைத்தபடி தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"அவனுக்கு ஆசையா இருக்காம்மா?"

"நெதமும் கேக்குறாக," என்றாள்.

"கொதிக்கும்போதே எடுத்தா?"

அவள் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டாள். நன்றாக வெந்தது, கொதிநிலையில் எடுத்தது, சூடு ஆறுமுன் குடிப்பது என்றால் கொடுக்கலாம் என்று பதில் வந்தது.

மறுநாள் ஹாஜா கையை சோப்புப் போட்டுத் தேய்த்தார். அகப்பையை வெந்நீரில் போட்டு எடுத்தார். புதினாவைக் கழுவி, கஞ்சி கொதிக்கும்போதே போட்டு வேகவிட்டார். அண்டா தளதளவெனக் கொதிக்கையில், யாரும் தொடுமுன், காலிதா கொதிநீரில் கழுவித் தந்திருந்த பாத்திரத்தில் ஒரு அகப்பை ஊற்றி மூடினார். அவளே வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அவர் பின்னாலேயே போய் ஜன்னலுக்கு வெளியேயே நின்றுகொண்டார்.

முடியில்லாத தலையோடு ரிஃபாய் ஊதி ஊதிக் குடித்தான். பாதியில் நிமிர்ந்தான்.

"மாமா, உப்பு கம்மி."

ஊரில் யாரும் அவரிடம் சொல்லத் துணியாத வார்த்தை. அவர் முகம் சுருங்குமுன் காலிதா அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள்.

"கீமோ ஏறுன நாள்லேருந்து அவுக நாக்குக்கு எல்லாமே மண்ணாத்தான் இருந்துச்சு மாமா."

ஹாஜா முகைதீன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹு அக்பர்," என்றார், தனக்கே கேட்காத குரலில்.