தார்ப்பாய் கட்டியது நான்

அந்த ஜெனரேட்டரைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா புருஷன். எனக்கு அண்ணன் முறை. கம்பத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். திராட்சைத் தோட்டத்து மோட்டார் புகைந்தால் அவரிடம்தான் வரும். கரண்டைப் பற்றி அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

நான் எட்டாவது வரை படித்தவள். தேனியில் ஒரு பார்லரில் ஆறு மாதம் நின்று தொழில் கற்றேன். கம்பத்தில் ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. இரண்டு நாற்காலி, ஒரு கட்டில். பொம்பளைகளுக்கு மட்டும். 2008இல் கரண்ட் வெட்டு தொடங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று சொன்னார்கள். சொல்லாமல் போனது தனி.

பாதி முகத்துக்கு ஃபேஷியல் போட்டிருக்கும்போது ஸ்டீமர் நின்றுவிடும். ஈரத் தலையோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் திட்டுவார்கள். சிலர் சும்மா எழுந்து போவார்கள். சும்மா போனவர்கள் திரும்பி வரவில்லை.

நான் இன்வெர்ட்டர் வாங்கலாம் என்றேன். கடையில் விசாரித்திருந்தேன். பெட்டியும் பாட்டரியும் சேர்த்துப் பதினைந்தாயிரம். இரண்டு டியூப் லைட், இரண்டு ஃபேன் மூன்று மணி நேரம் ஓடும்.

அண்ணன் சிரித்தார். "ஏம்மா, ஃபேன் ஓட்டவா பார்லர் வச்சிருக்க? ஒன் ட்ரையர் ஒண்ணே ஆயிரத்து எரநூறு வாட்டு. அந்தப் பெட்டியில போட்டா படுத்துரும். எஸ்டேட்ல ஒரு ஜெனரேட்டர் கழிச்சுப் போட்டுருக்காக. ரெண்டு கேவி. பத்தாயிரத்துக்கு முடிச்சுத் தாரேன்."

"பெட்ரோல் குடிக்குமேண்ணே."

"மணிக்கு ஒரு லிட்டர். ஒரு பொண்ணு அலங்காரத்துல எடுத்துருவ."

கணக்கு எனக்கும் தெரியும். ஒரு லிட்டர் ஐம்பது ரூபாய்க்கு மேல். புருவம் எடுத்தால் இருபது ரூபாய். மூன்று பேர் புருவம் எடுத்தால் ஒரு மணி நேரம் ஓடும். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். அவர், "மச்சான் சொல்றாகல்ல" என்றார். அதோடு முடிந்தது.

ஜெனரேட்டரை வைக்க இடம் பார்த்தார்கள். தெருவில் வைத்தால் திருட்டு. உரக்கடைக்காரர் வாசலில் சத்தம் ஆகாது என்றார். மொட்டை மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டும், வயர் அதிகம் வேண்டும். கடைசியில் அறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் வைத்தார் அண்ணன். மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஒரு பக்கம் கம்பி கிரில். அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு ஜன்னல். வயர் அது வழியாக வந்ததால் அதைச் சாத்த முடியாது.

சேஞ்ச் ஓவர் சுவிட்சை ஒழுங்காகப் போட்டார். ஜெனரேட்டர் கரண்ட் லைனில் ஏறாது. மின்கம்பத்தில் ஏறுகிற லைன்மேனுக்கு ஆபத்து இல்லை. அதில் குறை சொல்ல மாட்டேன். புகைக் குழாயைத்தான் அப்படியே விட்டுவிட்டார்.

"பொகைக்கு என்னண்ணே?"

"கிரில் தெறந்துதான கெடக்கு. பொகைக்கு வழி சொல்லிக் குடுக்கணுமா?"

எதிரே ஒரு லாட்ஜ். அதன் மாடியில் நின்றால் கிரில் வழியாக என் அறை தெரியும். பீடி குடிக்க வருகிற ஆட்கள் நின்று பார்த்தார்கள். அதனால் நானே ஒரு தார்ப்பாய் வாங்கிக் கிரிலில் இறுக்கிக் கட்டினேன். மேலும் கீழும் கயிறு போட்டு. காற்றில் ஆடாமல்.

அதை நான்தான் கட்டினேன். யாரும் சொல்லிக் கட்டவில்லை.

தை மாதம். ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு பெண். பத்து மணிக்கு மாதா கோயிலில் கல்யாணம். காலை ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். பெண், அவள் அம்மா, அத்தை. வீடியோக்காரனும் பெண்ணின் தம்பிமாரும் மாடிப்படியில் நின்றார்கள். நான் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டேன். குளிருக்காக முன்பக்க ஜன்னலும் சாத்தியிருந்தது.

அந்த வாரம் எங்கள் தெருவுக்கு வெட்டு காலை ஆறிலிருந்து எட்டு. சரியாக ஆறுக்குப் போனது. கயிற்றை இழுத்து ஜெனரேட்டரைப் போட்டேன். ட்ரையர் ஓடியது.

அரை மணி நேரம் கழித்துப் பெண், "அக்கா, தல வலிக்குது" என்றாள்.

அம்மா சொன்னாள்: "பூசையில நன்மை வாங்கணும்னு நேத்து ராத்திரியிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. வலிக்காம என்ன செய்யும்? பொறுத்துக்க ஆத்தா."

"பசியாம்ல பசி," என்றாள் அத்தை. "மாப்பிள்ளய நெனச்சா தல சுத்தத்தான் செய்யும். எனக்கெல்லாம் மூணு நாளு சுத்துச்சு."

"ஒனக்குத்தான் இன்னும் நிக்கலையே மதினி."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தலையும் வலித்தது. தூங்காததால் என்று நினைத்தேன். வாடை வந்தது உண்மை. ஹேர் ஸ்ப்ரே வாடையும் நகப்பூச்சு அழிக்கிற மருந்து வாடையும் எப்போதும் இருக்கிற அறை அது. மூக்கு பழகிப்போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கொண்டையில் பின் குத்த என்னால் முடியவில்லை. விரல் சொன்னபடி கேட்கவில்லை. அத்தை எழுந்தாள். வாளிக்குள் வாந்தி எடுத்தாள். இட்லியாக வந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி தின்றுவிட்டு வந்தவள். வந்ததும் அதைத்தான் சொன்னாள். சாப்பிட்டவளுக்கும் சாப்பிடாதவளுக்கும் எனக்கும் ஒரே நோவு. அப்படியென்றால் இது வயிறு இல்லை. காற்று.

திரும்பினேன். பெண்ணின் தலை நாற்காலியில் சாய்ந்து கிடந்தது.

கதவைத் திறந்து கத்தினேன். தம்பிமார் உள்ளே வந்தார்கள். பட்டுச்சேலையோடு அவளைத் தூக்கி வெளியே மாடிப்படியில் கிடத்தினார்கள். அம்மாவையும் அத்தையையும் வெளியே தள்ளினேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினேன். கத்தரிக்கோலால் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்தேன். உள்ளே நின்ற சூடும் புகையும் முகத்தில் அடித்துக்கொண்டு வெளியே போயின.

பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டரம்மா. வீட்டோடு ஆஸ்பத்திரி. கொண்டு போனோம். பெண் கண் திறந்தாள். பேசவில்லை. யாரோ சொல்லி அண்ணனும் வந்துவிட்டார்.

டாக்டரம்மா கேட்டார்: "என்ன ஆச்சு?"

அண்ணன் முந்திக்கொண்டார். "கல்யாணப் பொண்ணுங்கம்மா. வெறும் வயிறு. ராத்திரி பூரா தூக்கமில்ல."

அம்மாவும் தலையாட்டினாள். அவளுக்கு அதுதான் தெரியும். டாக்டரம்மா நர்ஸிடம் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார்.

அண்ணன் என் பக்கம் வந்து மெல்லச் சொன்னார்: "நீ வாயத் தெறக்காத. அரை மணி நேரத்துல சரியாப் போயிரும். ஜெனரேட்டர்னு சொன்னா போலீஸ் வரும். ஒன் கடையும் போகும், எங் கடையும் போகும்."

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உதட்டுச் சாயத்தை நான்தான் போட்டேன். அதற்குக் கீழே என்ன நிறம் என்று தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டரம்மா, வயிறு இல்ல," என்றேன். "அடைச்ச ரூம்ல ஜெனரேட்டர் பொகை. ஒரு மணி நேரம் மூச்சு விட்டுருக்கு. இட்லி தின்னவுகளும் வாந்தி எடுத்தாக. எனக்கும் தலை வலி."

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "இத ஏன் மொதல்ல சொல்லல?" குளுக்கோஸை நிறுத்தவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மூக்கையும் வாயையும் மூடி முகமூடி போட்டார்கள். அத்தைக்கும் போட்டார்கள். அந்தப் புகை ரத்தத்தில் ஏறினால் மூச்சு விட்டும் பயன் இல்லையாம். இன்னும் கால் மணி நேரம் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கோயிலுக்கு வேறு மாதிரி போயிருப்பாள் என்றார் டாக்டரம்மா. அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார்.

கல்யாணத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். மூன்று மணிக்குப் பெண்ணை அனுப்பினார் டாக்டரம்மா. நான் வாசலில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். முந்தானையால் பெண்ணின் முகத்தை அழுந்தத் துடைத்தாள். நான் போட்டது அத்தனையும் போகிற மாதிரி. அவள் திட்டியிருக்கலாம்.

போலீஸ் வரவில்லை. கடை இரண்டு மாதம் காற்றாடியது. அண்ணன் ஊரெல்லாம், "பட்டினி கெடந்த பிள்ள மயங்குனதுக்கு இவ ஜெனரேட்டரச் சொல்லி எம் பேரக் கெடுத்துட்டா" என்று சொன்னார். ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும் என்றிருந்தேன். அது என் இரண்டாவது தப்பு.

காதில் கிடந்ததை விற்று இன்வெர்ட்டர் வாங்கினேன். பாட்டரியை ஜன்னலோரம் திறந்த இடத்தில் வைத்தேன். சார்ஜ் ஏறும்போது அதிலும் ஒரு வாயு வரும், பொறி பட்டால் வெடிக்கும் என்றான் கடைக்காரன். ஸ்ப்ரே பாட்டிலையும் நகப்பூச்சு மருந்தையும் எதிர் மூலைக்கு மாற்றினேன். மாதம் ஒருமுறை மூடி திறந்து பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவேன். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் தகடு கெடும். மூன்று நான்கு வருஷத்தில் பாட்டரி மாற்ற வேண்டும். மற்றபடி கரண்ட் பில்லில் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

ட்ரையர் அதில் ஓடாது. ஓட வேண்டாம். முந்தின நாளே தலைக்குக் குளித்துக் காய வைத்துக்கொண்டு வரச் சொல்வேன். ஸ்டீமருக்குப் பதில் கேஸ் அடுப்பில் கொதித்த தண்ணீர், ஒரு துண்டு. வெட்டு நேரத்தில் பின்னலும் பூவும் மட்டும். இஷ்டப்பட்டவர்கள் வந்தார்கள்.

அடுத்த வருஷம் ஜீப் ஓடாத ஒருநாள் மதியம் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார்: "ஒன் ஜெனரேட்டருக்கு யோகம். உத்தமபாளையத்துல புதுசா பார்லர் தெறந்துருக்காகளாம். மச்சான் அங்கன தள்ளி விட்டுட்டாரு."

"எங்கன வச்சுருக்காராம்?"

"மாடிப்படிக்கு அடியில."

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். கையைக் கழுவினேன். பஸ் ஏறினேன்.

கண்ணாடிக் கதவு போட்ட பார்லர். உள்ளே நான்கு பெண்கள். படிக்கு அடியில் பலகை அடித்து அறை மாதிரி செய்திருந்தார்கள். கரண்ட் இல்லை. பலகைக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, பார்லர்காரியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கம்பத்து பார்லரா நீ?" என்றாள். "ஒன்னப் பத்தி அண்ணன் சொல்லிருக்காக. ஒனக்கு ஓடல, எனக்கு ஓடுது. அந்த வயித்தெரிச்சல்."

"ஆமா, வயித்தெரிச்சல்தான்," என்றேன். பலகைக் கதவைத் திறந்து, குனிந்து, பெட்ரோல் டியூபில் இருந்த திருகை அடைத்தேன்.

உள்ளே மிச்சம் இருந்ததற்கு ஒரு நிமிஷம் ஓடியது. பிறகு இருமி இருமி நின்றது. ஃபேன் நின்றது. பெண்கள் முனகினார்கள். அவள் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, கத்திவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"ஏம்மா, குடும்ப மானத்த சந்தியில வைக்கவா வந்துருக்க?"

"மொட்டை மாடிக்கு ஏத்துங்கண்ணே," என்றேன். "இங்கன வச்சு இனி ஒருத்தரும் ஓட்டக் கூடாது. நாலு ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க. வயரு கூட ஆகும், அதையும் கொண்டாங்க. ஏத்துற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

போனைக் கொடுத்துவிட்டு ஜெனரேட்டர் மேலேயே உட்காரப் போனேன். சூடாக இருந்தது. முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார். மூன்று ஆட்களும் வயர் சுருளும். என்னைப் பார்க்கவில்லை. தூக்கச் சொன்னார். அது மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்கிற வரை பின்னாலேயே படி ஏறினேன்.